ஐந்து படத்தில் ஒரு மக்ரூன் கடை

தூத்துக்குடியில் ஒரு அச்சகத்தில் நான் டிசைனர். கல்யாணப் பத்திரிகை, பில் புக், ஃப்ளெக்ஸ் போர்டு, கோயில் கொடை நோட்டீஸ், இதுதான் பிழைப்பு. எங்கள் தெருமுனையில் ஒரு சின்ன பேக்கரி இருக்கிறது. பின்கட்டில் விறகு அடுப்பு, முன்னால் ஒரு கண்ணாடி அலமாரி, வேலைக்கு மூன்று பேர். அண்ணாச்சி மக்ரூன் போடுவார், முந்திரி போட்ட வெள்ளை இனிப்பு. அவர் மகள் கல்லாவையும் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தையும் பார்த்துக்கொள்வாள். போன நவம்பரில் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, கிறிஸ்துமஸ் ஆர்டர் முன்னாடியே வாங்கணும். பாப்பா ஏதோ படம் போடணுங்கா, நீ செஞ்சு குடு" என்றார்.

நான் செய்து கொடுத்த முதல் படம் பெரிய தோல்வி. அது ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு, அவ்வளவுதான். மேலே கடைப் பெயர், நடுவில் மக்ரூன் குவியல், இடப்பக்கம் விலைப்பட்டியல், வலப்பக்கம் கிறிஸ்துமஸ் மரம், கீழே மூன்று போன் நம்பர். தெருவில் இருபது அடியில் நின்று பார்ப்பவனுக்குச் செய்து பழகிய கையால், உள்ளங்கை அகலத் திரைக்கும் அதையே செய்துவிட்டேன். படத்தில் விலை போட்டிருந்தும் கீழே வந்த கேள்வி "ரேட் எவ்ளோ?" என்பதுதான். அதற்கடுத்தது "முட்டை போட்டதா?" படத்தை யாரும் படிக்கவே இல்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

"அண்ணே, ஒரே படத்துல வேண்டாம். தள்ளித் தள்ளிப் பாக்குற மாதிரி அஞ்சு படமா போடுவோம்" என்றாள் அண்ணாச்சி மகள். அதைத்தான் கரோசல் என்கிறார்கள். சரி என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் இந்தத் தடவை கம்ப்யூட்டரைத் தொடும் முன் பில் புக்கைத் திருப்பி, பின்பக்கம் ஐந்து கட்டம் போட்டேன். எல்லாக் கட்டமும் காலி. அவளிடம், "கடை வாட்ஸ்அப்பைத் திற. போன டிசம்பர்ல ஆட்கள் என்னவெல்லாம் கேட்டாங்கன்னு வாசி" என்றேன்.

வாசிக்க வாசிக்க ஐந்தாறு கேள்விகளே திரும்பத் திரும்ப வந்தன. முட்டை இருக்கா, விலை என்ன, ஒரு கிலோவில் எத்தனை நிற்கும், எத்தனை நாள் தாங்கும், சென்னைக்கு அனுப்புவீங்களா, எப்போதுக்குள் சொல்லணும். நான் முதல் படத்தில் பெரிதாகப் போட்டிருந்த "பாரம்பரிய சுவை" பற்றி ஒரு ஆள்கூடக் கேட்கவில்லை. அந்தக் கேள்விகளைத்தான் கட்டங்களில் பங்கு போட்டோம்.

நிரப்பியது பின்னாலிருந்து. ஐந்தாவது கட்டத்தில் என்ன செய்யச் சொல்லப் போகிறோம் என்று முடிவாகாமல் முதல் கட்டத்தில் என்ன எழுதுவது? அண்ணாச்சி அடுப்புக்கு ஒரு அளவு உண்டு. டிசம்பர் 20க்கு மேல் வரும் ஆர்டரை அவரால் போட்டுக் கொடுக்க முடியாது. ஆகவே ஐந்தாவது: "டிசம்பர் 20க்குள் சொல்லுங்கள்", கீழே கடையின் வாட்ஸ்அப் எண் ஒன்று. மூன்று எண் இல்லை, ஒன்றுதான். படத்தில் இருக்கும் எண்ணைத் தொட்டால் எதுவும் திறக்காது என்பதால், பக்கத்தின் முகப்புக் குறிப்பில் wa.me/91 என்று தொடங்கி எண்ணைச் சேர்த்து ஒரு இணைப்பு வைத்தோம். ஐந்தாவது படத்தில் "இணைப்பு முகப்பில்" என்று ஒரு சின்ன வரி.

நான்காவது விலை. கால் கிலோ, அரைக் கிலோ, ஒரு கிலோ என மூன்று பெட்டி, மூன்று வரி. விலை வேறு எந்தப் படத்திலும் வரக்கூடாது என்று அப்போதே முடிவு செய்தோம். அது எவ்வளவு நல்ல முடிவு என்று பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது, அளவும் ஆயுளும். மக்ரூன் எவ்வளவு பெரிது என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தனியாகப் படம் எடுத்தால் அது கோயில் கோபுரம் மாதிரியும் தெரியும், குண்டூசித் தலை மாதிரியும் தெரியும். அதனால் அவள் உள்ளங்கையில் மூன்றை வைத்து எடுப்பது என்று எழுதிக்கொண்டோம். அதன் கீழே "காற்றுப் புகாத டப்பாவில் இரண்டு வாரம்". இது அண்ணாச்சி கணக்கு. அவர் ஒரு மாதம் என்று சொல்லவில்லை, நானும் கூட்டவில்லை.

இரண்டாவது கட்டத்தில் என்ன போடுவது என்றுதான் சண்டை வந்தது. அண்ணாச்சிக்கு அடுப்பைக் காட்ட ஆசை. மகளுக்குக் கடையின் கதையைச் சொல்ல ஆசை. நான் முட்டையைப் போடச் சொன்னேன். "முட்டைன்னு பெருசா போட்டா மார்கழில எவன்லே வாங்குவான்?" என்றார் அண்ணாச்சி. நியாயமான பயம்தான். ஆனால் முட்டை சாப்பிடாதவர் எப்படியும் கேட்கத்தான் போகிறார், கேட்டுவிட்டு வாங்காமல் போகத்தான் போகிறார். தெரியாமல் வாங்கிவிட்டுச் சண்டைக்கு வந்தால்தான் தொல்லை. அதோடு மக்ரூனில் இருப்பதே மூன்று பொருள்: முட்டையின் வெள்ளைக்கரு, சீனி, முந்திரி. பல பலகாரங்களுக்கு இவ்வளவு சின்னப் பட்டியல் கிடையாது. அதைச் சொன்னதும் அவரே, "அப்போ மூணையும் தட்டுல வச்சு எடு, முந்திரி முன்னால இருக்கட்டும்" என்றார். பெட்டியில் இருக்கும் அசைவக் குறியையும், அதாவது சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம், ஓரத்தில் அப்படியே வைத்தோம். முன்பு அது வட்டமாக இருந்தது. பழைய வட்டத்தையே இன்னும் அச்சடிக்கக் கேட்டு எங்கள் அச்சகத்துக்கு ஆள் வருகிறார்கள், அது வேறு கதை.

இரண்டாவது படத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. முதல் படத்தைப் பார்த்துத் தள்ளாமல் போனவருக்கு இன்ஸ்டாகிராம் சில நேரம் அதே பதிவை இரண்டாவது படத்திலிருந்து திரும்பக் காட்டும். ஆகவே இரண்டாவது தனியாக நின்றாலும் விளங்க வேண்டும். "மேலும்…" என்றோ "அதற்குக் காரணம்" என்றோ தொடங்கினால் அப்படி வருபவருக்குத் தலையும் தெரியாது, வாலும் தெரியாது. நாங்கள் எழுதியது: "மூன்றே பொருள். முந்திரி, சீனி, முட்டை வெள்ளைக்கரு."

கடைசியாக முதல் கட்டம். மற்ற நான்கும் கனத்தைத் தாங்கிக்கொண்டதால் இதற்குச் சுமையே இல்லை. ஒரே ஒரு மக்ரூன், மிகப் பக்கத்தில். "கிறிஸ்துமஸ் மக்ரூன். ஆர்டர் திறந்தாச்சு." அவ்வளவுதான். கடைப் பெயரைக்கூடச் சிறிதாக மூலையில் வைத்தோம். பதிவின் மேலேயே கடைப் பெயர் வந்துவிடுகிறதே.

எழுத்து எல்லாம் முடிந்த பிறகுதான் படமெடுக்கப் போனோம். இது எனக்குப் புதுசு. வழக்கமாகக் கையில் இருக்கும் படத்துக்குத் தக்கபடி எழுத்தைத் திணிப்பேன். இப்போது எழுத்துக்கு எங்கே இடம் வேண்டும் என்று தெரிந்திருந்ததால், எடுக்கும்போதே படத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கைக் காலியாக விட்டு எடுத்தோம்.

வெள்ளைப் பொருளைப் படமெடுப்பது தனிக் கஷ்டம். போன் கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். திரை முழுக்க மக்ரூன் இருந்தால், "வெளிச்சம் கூடிப்போச்சு" என்று நினைத்து இருட்டாக்கிவிடும், மக்ரூன் உப்பளத்துச் சேறு நிறத்துக்கு வந்துவிடும். மக்ரூன் மேல் விரலை வைத்துத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே இழுக்க வேண்டும். ஆனால் அதிகம் இழுத்தால் வேறு கேடு. கோன் சுற்றிப் பிழிந்த வரிகள் வெந்து போய், சுண்ணாம்புக் கட்டி போல ஆகிவிடும். எடுத்தவுடன் பெரிதாக்கிப் பார்த்து, அந்த வரிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் சரி.

வெள்ளைத் தட்டில் வைத்து எடுத்தது எதுவும் உதவவில்லை. கடைப் பெட்டியின் அரக்கு நிறத்திலேயே ஒரு சார்ட் பேப்பர் வாங்கி, அதைக் கீழேயும் பின்னாலும் வளைத்து வைத்தோம். ஐந்து படத்துக்கும் அதே காகிதம். கண்ணாடி அலமாரியின் மஞ்சள் விளக்கையும் டியூப்லைட்டையும் அணைத்துவிட்டு, கிழக்குப் பக்க ஜன்னலோரம் காலை எட்டு மணிக்கு எடுத்தோம். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் மெலிந்துவிடும். படங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தி வந்ததில் பெரும்பங்கு இந்த ஒரே வெளிச்சத்துக்கும் ஒரே காகிதத்துக்கும்தான். முதல் நாள் மூன்றும் மறுநாள் மாலையில் இரண்டுமாக எடுத்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் நிறத்தை ஒட்டவைக்கப் போராடியிருக்கிறேன், வேறொரு கடைக்கு. ஒட்டவே ஒட்டாது.

எங்கள் முதல் நாள் படப்பிடிப்பு மழையால் கெட்டது. வெளிச்சம் குறைந்ததுகூடப் பரவாயில்லை. நவம்பர் ஈரக்காற்றில் மக்ரூன் தண்ணீரைக் குடித்துவிடும். தட்டில் அடுக்கி, கோணம் பார்த்து, அதை இதை நகர்த்திக்கொண்டிருந்ததில் மேல்பகுதி பளபளவென்று ஆகி, கையில் ஒட்ட ஆரம்பித்தது. படத்தில் அது பழைய சரக்கு மாதிரித் தெரிந்தது. மறுநாள் வெயில் வந்ததும், அடுக்கிப் பார்க்க உடைந்த மக்ரூனைப் பயன்படுத்தினோம். கோணம், தூரம், எழுத்துக்கான இடம் எல்லாம் முடிவான பிறகே டப்பாவைத் திறந்து நல்லதை எடுத்து வைத்தோம். ஐந்து படமும் அரை மணி நேரத்தில் முடிந்தன. உடைந்ததைத் தின்றது நான்தான்.

இன்னொரு சின்ன விஷயம். அவள் படங்களை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், அந்தப் பிழிந்த வரிகள் எல்லாம் மழுங்கிப் போயிருந்தன. டாக்குமென்ட்டாக அனுப்பச் சொன்னதும் அப்படியே வந்தது.

இனி அச்சகத்தில் என் வேலை. கட்டம் 1080 பிக்சல் அகலம், 1350 பிக்சல் உயரம். முதல் படம் எந்த வடிவமோ மற்ற நான்கும் அந்த வடிவத்துக்கே வெட்டப்படும் என்பதால் ஐந்தையும் இதே அளவில்தான் செய்ய வேண்டும். பக்கத்தின் முகப்பில் வரிசையாகத் தெரியும் கட்டங்கள் 2025இல் சதுரத்திலிருந்து 3:4 வடிவத்துக்கு மாறிவிட்டன. நம் படம் 4:5. அங்கே தெரியும்போது இடமும் வலமும் 34 பிக்சல் அளவுக்கு வெட்டுப்படும். நான் நான்கு பக்கமும் 90 பிக்சல் விட்டு உள்ளே ஒரு கோடு போட்டேன், எழுத்து எதுவும் அதைத் தாண்டக் கூடாது. பத்திரிகை அச்சடிப்பவனுக்கு இது பழக்கம்தான், கட்டிங் மெஷினுக்கு விடும் ஓரம் மாதிரி.

முதலில் ஆசைப்பட்டு 5400 அகலத்தில் ஒரே நீளப்படமாகச் செய்து, ஐந்தாக வெட்டினேன். ஒரு படத்திலிருந்து அடுத்ததுக்குள் மக்ரூன் நீண்டு போகும், தள்ளும்போது அழகாக இருக்கும். தள்ளும்போது மட்டும்தான். முகப்பில் பார்த்தால் முதல் படத்தின் ஓரத்தில் பாதி மக்ரூன் நிற்கிறது, யாரோ தவறாக வெட்டியது மாதிரி. விலை எழுத்து ஒன்று இரண்டாகப் பிளந்தும் போயிருந்தது. அதை விட்டுவிட்டு, பெட்டி கட்டும் வெள்ளை நூலை மட்டும் எடுத்துக்கொண்டேன். அது முதல் படத்தின் நடுவில் தொடங்கி, கீழிருந்து 200 பிக்சல் உயரத்தில், ஐந்து படத்திலும் ஒரே மட்டத்தில் ஓடும். ஐந்தாவதில் முடிச்சாக முடியும். வலது ஓரத்தில் நூல் வெளியே போவதைப் பார்த்தாலே இன்னும் இருக்கிறது என்று புரியும். "தள்ளவும்" என்று அம்புக்குறி போடத் தேவைப்படவில்லை.

மாறாதவை என்று ஒரு பட்டியல் ஒட்டிக்கொண்டேன்: தலைப்பின் இடம், எழுத்தின் அளவு, அரக்கு, வெள்ளை, முந்திரி நிறம் என மூன்று நிறம், நூல். மாறவேண்டியது ஒன்றுதான், பொருள் எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பது. முதல் படம் மிகப் பக்கம், இரண்டாவது தட்டை மேலிருந்து, மூன்றாவது கை, நான்காவது மூன்று பெட்டியும் வரிசையாக, ஐந்தாவதில் படமே இல்லை, வெறும் அரக்குக் காகிதமும் நூல் முடிச்சும். ஐந்திலும் மக்ரூன் ஒரே அளவில் நின்றால் ஒரே படத்தை ஐந்து முறை பார்த்த மாதிரி ஆகிவிடும், மூன்றாவதிலேயே விரல் மேலே போய்விடும்.

தமிழ் எழுத்தில்தான் அதிக நேரம் போனது. தலைப்புக்கு Baloo Thambi, மற்றதுக்கு Mukta Malar. இரண்டுமே இலவசமாகக் கிடைப்பவை. ஆங்கிலத்துக்கென்று வைத்திருக்கும் வரி இடைவெளியை அப்படியே விட்டால், மேல் வரியின் 'கு', 'சு' வால் கீழ்வரியின் 'கி', 'லி' மேல் வளைவில் இடிக்கும். இரண்டு வரியும் படிக்க முடியாமல் போகும். எழுத்தளவில் ஒன்றரை மடங்கு இடைவெளி கொடுத்த பிறகே மூச்சு வந்தது. சில செயலிகளில் 'கொ' எழுதினால் கொம்பும் காலும் தனித்தனியாகப் பிரிந்து, நடுவில் புள்ளி வட்டம் நிற்கும். அதனால் எந்தப் புதுச் செயலியைத் திறந்தாலும் முதலில் "கொழுக்கட்டை" என்று அடித்துப் பார்ப்பேன். அது ஒழுங்காக வந்தால் எல்லாம் வரும்.

அதோடு நம் சொற்கள் நீளம். "காற்றுப் புகாத டப்பாவில்" என்று ஒரு வரியில் போட்டால் எழுத்து சிறுத்துவிடுகிறது. சிறிய எழுத்தைக்கூட 44 பிக்சலுக்குக் கீழே இறக்கவில்லை. அதற்குள் அடங்காத வாக்கியத்தை வெட்டினேன், எழுத்தைச் சுருக்கவில்லை. சோதனைக்கு அண்ணாச்சிதான். கண்ணாடியைக் கழற்றச் சொல்லி, போனைக் கைநீட்டும் தூரத்தில் பிடித்துக்கொண்டு, "வாசிங்க அண்ணாச்சி" என்றேன். நான்காவது படத்தில் கால் கிலோவின் விலையை அரைக் கிலோவின் விலையாக வாசித்தார். இரண்டு வரியும் நெருக்கமாக இருந்தன, எந்த விலை எந்தப் பெட்டிக்கு என்று அவர் கண் வழுக்கிவிட்டது. ஒவ்வொரு பெட்டிக்கும் நேர் கீழே அதன் விலையைக் கொண்டுவந்து வைத்தேன்.

கோப்புகளுக்கு macaroon_1.jpg முதல் macaroon_5.jpg வரை பெயர் வைத்தேன். அப்படியும் அவள் பதிவேற்றும்போது கேலரியில் கடைசியாக வந்ததை முதலில் தொட்டுவிட்டாள், ஐந்தாவது முன்னால் வந்துவிட்டது. நல்லவேளை, போடும் முன் ஒருமுறை தள்ளிப் பார்த்ததில் தெரிந்தது. பெயர் எப்படி இருந்தாலும் தொடும் வரிசைதான் வரிசை.

பதிவின் கீழே எழுதும் குறிப்பில் முதல் ஓரிரு வரிதான் வெளியே தெரியும், மிச்சம் மறைந்துவிடும். அதனால் வாழ்த்தை எல்லாம் பின்னுக்குத் தள்ளி, "டிசம்பர் 20 வரை ஆர்டர், வெளியூருக்கும் அனுப்புகிறோம்" என்று தொடங்கினோம். கூரியர் விஷயத்துக்கு ஐந்து படத்தில் இடமில்லாமல்தான் இங்கே வந்தது. ஆறாவது படம் போடலாமே என்று அவள் கேட்டாள். இன்ஸ்டாகிராமில் 20 வரை போடலாம் என்பது தெரியும். ஆனால் மக்ரூன் வழியில் நொறுங்குவது, எந்த ஊருக்கு எத்தனை நாள் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும் பேச்சு. அதை வாட்ஸ்அப்பில் பேசுவதே நல்லது.

பதிவு போன பிறகு "முட்டை போட்டதா?" என்ற கேள்வி அடியோடு நின்றது. "ரேட் எவ்ளோ?" நிற்கவில்லை, குறைந்தது. அது என்ன செய்தாலும் நிற்காது போல. வந்தவர்களில் பலர் "அரைக் கிலோ பெட்டி ரெண்டு" என்றே ஆரம்பித்தார்கள், பெட்டி அளவை விளக்கும் வேலை அவளுக்கு மிச்சம்.

டிசம்பர் இரண்டாம் வாரம் முந்திரி விலை ஏறியது. அண்ணாச்சி பெட்டிக்கு விலை கூட்டினார். போட்ட பதிவில் ஒரு படத்தை எடுத்துவிட்டு வேறொன்றை அந்த இடத்தில் வைக்க வழியில்லை, ஆனால் ஒன்றை மட்டும் நீக்க முடியும். விலை நான்காவதில் மட்டும்தானே இருந்தது. அதை நீக்கிவிட்டு, புது விலையைக் குறிப்பின் முதல் வரியில் எழுதினோம். விருப்பங்களும் கேள்விகளும் அப்படியே இருந்தன. நூல் மட்டும் மூன்றாவதிலிருந்து நேராக முடிச்சுக்குப் போனது, ஒரே மட்டத்தில் இருந்ததால் ஒட்டு தெரியவில்லை. பழைய விலையைப் பார்த்து ஏற்கெனவே சொன்னவர்களுக்கு அண்ணாச்சி பழைய விலையிலேயே கொடுத்தார்.

இந்த வருடம் அதே கோப்பைத் திறந்து, பெட்டிகளின் கீழே விலையையும் கடைசிப் படத்தில் தேதியையும் மாற்றினால் போதும். அண்ணாச்சி இப்போது பொரிச்ச பக்கோடாவுக்கும் ஐந்து படம் கேட்கிறார். அதை எந்த நிறக் காகிதத்தில் வைத்து எடுப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அரக்கில் வைத்துப் பார்த்தேன், பக்கோடா காணாமலே போய்விட்டது.